பதினொன்றாம் தேதிக்குள் ஒரு பதிவேடு

பொள்ளாச்சியில் பம்ப்செட், பி.வி.சி. பைப், தெளிப்பு நீர்ப் பாசனச் சாமான் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கணக்கை விளக்குவதற்காக நாம் வைத்துக்கொண்ட கடைதான் இது. 2026 ஜனவரி மாத வியாபாரம் முடிந்துவிட்டது. பிப்ரவரி 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது இந்த மாதம் யாருக்கு என்ன விற்றோம் என்ற விவரம் போக வேண்டும். 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி போட்டு வரியைக் கட்ட வேண்டும். ஆண்டு விற்பனை ஐந்து கோடிக்குள் இருப்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிட்டர்ன் போடவும் இந்தக் கடைக்கு வழி உண்டு. ஆனால் வாங்குபவர்களில் பாதிப் பேர் கடைக்காரர்கள், ஒப்பந்தக்காரர்கள். தாங்கள் கட்டிய வரிக்கு அவர்கள் மாதாமாதம் கிரெடிட் எடுக்கப் பார்ப்பார்கள். அதனால் மாத ரிட்டர்ன்தான்.

மாதக் கடைசியில் கணக்கு எழுதும் பெண்ணின் கைக்கு வருவது பில்களின் பி.டி.எஃப். கோப்புகளும், கையால் எழுதிய பில் புக்கின் சில பக்கங்களை ஸ்கேன் செய்த படங்களும். அவற்றிலிருந்து எண், தேதி, பெயர், தொகையை உருவி எக்செல் தாளில் கொட்டித் தரும் மென்பொருள்கள் இன்று பல அலுவலகங்களில் இருக்கின்றன. அரை மணி நேரத்தில் தாள் நிரம்பிவிடும். அதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று தோன்றும். உண்மையில் அது இன்னும் பதிவேடு ஆகவில்லை. கீழே கூட்டித் தொகை போட்டு அப்படியே ரிட்டர்னில் ஏற்றினால், அந்தத் தொகை சரியா தவறா என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, ஒரு பில்லுக்கு ஒரு வரி என்று எழுதக் கூடாது என்பது. ஜனவரி 5-ஆம் தேதி ஒரு விவசாயி வாங்கிய 102-ஆம் எண் பில்லைப் பாருங்கள். அதில் 12,000 ரூபாய்க்குத் தெளிப்பான்கள், அவற்றுக்கு வரி 5 சதவீதம். கூடவே 8,000 ரூபாய்க்கு பைப், அதற்கு 18 சதவீதம். பில் ஒன்று, விகிதம் இரண்டு. பதிவேட்டில் இது இரண்டு வரிசையாக வர வேண்டும், ஏனென்றால் ரிட்டர்ன் விகிதவாரியாகத்தான் கேட்கும். இங்கேதான் உருவித் தரும் மென்பொருள் ஒரு சிக்கலைச் செய்யும்: பில்லின் மொத்தத் தொகையான 22,040-ஐ இரண்டு வரிசையிலும் எழுதிவிடும். அந்தக் கட்டத்தைக் கூட்டினால் மாத விற்பனை 22,040 ரூபாய் கூடித் தெரியும். ரிட்டர்னுக்கான அட்டவணையிலும் பில் மதிப்பு இப்படி இரண்டு முறை வருவது வழக்கம்தான். அங்கே அது தவறில்லை. அந்தக் கட்டத்தைக் கூட்டக் கூடாது, அவ்வளவே. கூட்ட வேண்டியது வரிக்குரிய மதிப்பையும் வரியையும்தான்.

சரி செய்து முடித்த பதிவேடு இப்படி இருக்கும்:

| பில் | தேதி | வாங்கியவர் | மாநில எண் | விகிதம் | வரிக்குரிய மதிப்பு | ஐஜிஎஸ்டி | சிஜிஎஸ்டி | எஸ்ஜிஎஸ்டி |
|---|---|---|---|---|---|---|---|---|
| 101 | 3 ஜன. | பொள்ளாச்சிக் கடை, பதிவு உண்டு | 33 | 18 | 40,000 | 0 | 3,600 | 3,600 |
| 102 | 5 ஜன. | உள்ளூர் விவசாயி | 33 | 5 | 12,000 | 0 | 300 | 300 |
| 102 | 5 ஜன. | அதே விவசாயி | 33 | 18 | 8,000 | 0 | 720 | 720 |
| 103 | 9 ஜன. | பாலக்காட்டுக் கடை, பதிவு உண்டு | 32 | 18 | 60,000 | 10,800 | 0 | 0 |
| 104 | 14 ஜன. | ரத்து | – | – | 0 | 0 | 0 | 0 |
| 105 | 17 ஜன. | கேரள விவசாயி | 32 | 18 | 95,000 | 17,100 | 0 | 0 |
| 106 | 22 ஜன. | கோவை ஒப்பந்தக்காரர், பதிவு உண்டு | 33 | 18 | 50,000 | 0 | 4,500 | 4,500 |
| 107 | 28 ஜன. | உள்ளூர் விவசாயி | 33 | 5 | 15,000 | 0 | 375 | 375 |
| கிரெடிட் நோட் 3 | 30 ஜன. | 101-க்கு எதிராக | 33 | 18 | -5,000 | 0 | -450 | -450 |

இந்த நிலைக்குக் கொண்டுவருவதற்குள் என்னென்ன கெடும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எல்லாவற்றிலும் ஆபத்தானது தேதி. நாம் 05/01/2026 என்று எழுதினால் ஜனவரி 5. கணினி அமெரிக்க வழக்கத்தில் அமைந்திருந்தால் அதை மே 1 என்று படிக்கும். 3, 5, 9 தேதியிட்ட முதல் மூன்று பில்களும் மார்ச், மே, செப்டம்பர் மாதங்களுக்குப் போய்விடும். 12-க்குப் பிறகு வரும் தேதிகளுக்கு அப்படி ஒரு மாதமே இல்லாததால் கணினி அவற்றை வெறும் எழுத்தாக விட்டுவிடும். இப்போது 'ஜனவரி மட்டும்' என்று வடிகட்டி, எழுத்தாக நின்ற தேதிகளை மட்டும் கையால் திருத்தினால், மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள் வியாபாரமே கணக்கில் இருக்காது. நம் கடையில் அது 1,20,000 ரூபாய் விற்பனை, 20,040 ரூபாய் வரி. குறைவாகக் கட்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி ஓடும்.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. பில் எண் ஏறினால் தேதியும் ஏற வேண்டும். எண்ணை வரிசைப்படுத்திவிட்டுத் தேதிக் கட்டத்தில் கண்ணை ஓட்டினாலே மார்ச், மே, செப்டம்பர் என்று தாவுவது தெரிந்துவிடும். அதே வரிசை இன்னொன்றையும் காட்டும். 103-க்கு அடுத்து 105 வந்தால் இடையில் ஒன்று இல்லை.

"அண்ணா, நூத்தி நாலாம் நம்பர் காணலைங்களே?"

"அது கேன்சல் பண்ணினதும்மா. பார்ட்டி வேண்டாம்னுட்டாரு. பில் புக்குலயே காப்பியெல்லாம் இருக்குது."

பதில் இப்படி வந்தால் நிம்மதி. ரத்தான பில்லுக்கும் பதிவேட்டில் ஒரு வரிசை கொடுத்து, தொகையைச் சுழியமாக வைக்க வேண்டும். ஜிஎஸ்டிஆர்-1-இன் பதின்மூன்றாவது அட்டவணையில் 101 முதல் 107 வரை ஏழு பில், ரத்து ஒன்று, மீதி ஆறு என்று காட்டியாக வேண்டும். ஆனால் ரத்து என்று நினைத்த பில் உண்மையில் ஸ்கேன் செய்யாமல் விட்டுப்போன பில்லாகவும் இருக்கலாம். அதனால் கேட்டு எழுதுவதோடு நிறுத்தாமல், ரத்தான காகிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகே சுழியம் போடுவது நல்லது.

அடுத்தது, எண் போலத் தெரிந்து எண்ணாக இல்லாத தொகை. '95,000' என்பதைக் காற்புள்ளியோடும், முன்னால் ஒரு இடைவெளியோடும் உருவினால், எக்செல் பல நேரம் அதை எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். SUM கட்டளை எழுத்தைக் கண்டால் பிழை சொல்லாது, சத்தமில்லாமல் தாண்டிப் போகும். கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும், கூட்டலில் மட்டும் 95,000 குறையும். அதனால் கூட்டுவதற்கு முன் இரண்டு சோதனை போட வேண்டும். மேலே உள்ள பதிவேட்டில் பில் எண் A கட்டம், தேதி B, பெயர் C, ஜிஎஸ்டி எண் D, மாநில எண் E, விகிதம் F, மதிப்பு G, மூன்று வரிகளும் H, I, J என்று வைத்துக்கொண்டால்:

```
=SUMPRODUCT(--ISTEXT(G2:G10))
=ROUND(G2*F2/100,2)-(H2+I2+J2)
```

முதலாவது, மதிப்புக் கட்டத்தில் எழுத்தாக நிற்கும் தொகைகள் எத்தனை என்று சொல்லும். சுழியம் வர வேண்டும். H, I, J கட்டங்களுக்கும் இதையே போட்டுப் பார்க்கலாம். இரண்டாவதை ரத்தான பில்லைத் தவிர ஒவ்வொரு வரிசைக்கும் இழுத்துவிட வேண்டும். விகிதப்படி வர வேண்டிய வரிக்கும் பில்லில் அச்சான வரிக்கும் உள்ள வித்தியாசம் அது. ஓரிரு பைசா வித்தியாசம் பாதிப் பாதியாகப் பிரித்து முழுமையாக்கியதால் வருவது, விட்டுவிடலாம். ரூபாய்க் கணக்கில் வந்தால் பில்லை எடுத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: ஒன்று, வரி உள்பட்ட விலையை வரிக்குரிய மதிப்பு என்று உருவியிருக்கும். 107-ஆம் பில்லில் 15,000-க்குப் பதில் 15,750 உட்கார்ந்திருந்தால் இந்தச் சோதனையில் 37 ரூபாய் 50 காசு துருத்திக்கொண்டு நிற்கும். இல்லையேல், ஏற்றுக்கூலியை விட்டிருக்கும். சாமானோடு சேர்த்து பில்லில் போட்ட ஏற்றுக்கூலியும் வரிக்குரிய மதிப்பில் சேர்ந்ததுதான். சாமான்களின் பட்டியலுக்குக் கீழே தனியாக அச்சாவதால் மென்பொருளின் கண்ணில் படாமல் போய்விடும்.

இனி வாங்கியவரின் ஜிஎஸ்டி எண். பதினைந்து எழுத்து. முதல் இரண்டு மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, கேரளாவுக்கு 32, கர்நாடகத்துக்கு 29, புதுச்சேரிக்கு 34. அடுத்த பத்தும் அவருடைய பான் எண். பான் எண்ணில் முதல் ஐந்து ஆங்கில எழுத்து, அடுத்த நான்கு இலக்கம், கடைசி ஒன்று எழுத்து. இந்த அமைப்பு தெரிந்தால், ஸ்கேன் செய்த படத்திலிருந்து வரும் குழப்பங்களில் பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிடலாம். எட்டு முதல் பதினொன்று வரை உள்ள இடங்களில் O வந்தால் அது 0 தான், S வந்தால் 5 ஆக இருக்க வேண்டும். மூன்று முதல் ஏழு வரை உள்ள இடங்களில் இது தலைகீழ். பதினைந்தாவது எழுத்து மற்ற பதினான்கையும் வைத்துக் கணக்கிட்டுப் போடுவது. ஓரெழுத்து மாறினால் பெரும்பாலும் எண் செல்லாது என்று தளமே சொல்லிவிடும்.

அது சொல்லாத பிழைதான் கவலைக்குரியது. முழு எண்ணும் செல்லும், ஆனால் வேறொருவருடையது. போன மாத பில்லை நகல் எடுத்துப் பெயரை மாற்றியவர் எண்ணை மாற்ற மறந்தால் இப்படி ஆகும். நாம் கட்டும் வரித்தொகை மாறாது. கிரெடிட் மட்டும் தெரியாத ஒருவருக்குப் போகும். நம்மிடம் வாங்கியவர் 14-ஆம் தேதி தன் 2பி அறிக்கையைப் பார்த்து, "என்னங்க, நம்ம பில் ஏறவே இல்லையே" என்று போன் செய்வார். ஜிஎஸ்டிஆர்-1 போட்ட பிறகு, 3பி போடுவதற்கு முன், விட்டதைச் சேர்க்கவும் திருத்தவும் ஜிஎஸ்டிஆர்-1ஏ என்று ஒரு வாய்ப்பு 2024-இல் வந்தது. ஆனால் வாங்கியவரின் எண்ணை அதில் மாற்ற முடியாது. அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1-இல்தான் திருத்தலாம், அதுவரை அவருடைய கிரெடிட் நிற்கும். அதனால் புதிய வாடிக்கையாளரின் எண்ணைத் தளத்தில் தேடி, அங்கே வரும் பெயரும் பில்லில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுவது நல்லது. மற்ற சோதனைகளை எக்செல் செய்யும், இதை மனிதர்தான் செய்ய வேண்டும்.

பொள்ளாச்சிக் கடையை எடுத்ததற்குக் காரணமே கேரள எல்லைதான். சரக்கு சேரும் மாநிலம் எது என்பதைப் பொறுத்து, தமிழ்நாட்டுக்குள் என்றால் வரி பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநிலத்துக்கு. வெளியே என்றால் முழுதும் ஐஜிஎஸ்டி. 103-ஆம் பில்லில் குழப்பம் இல்லை: பாலக்காட்டுக் கடை, 32-இல் தொடங்கும் எண், ஐஜிஎஸ்டி. 105-ஆம் பில்லில் வாங்கியவர் பதிவு இல்லாத விவசாயி. பில்லில் எழுதிய முகவரி கேரளா. பதிவு இல்லாதவருக்கு பில்லில் உள்ள முகவரியின் மாநிலத்தையே சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே இதுவும் ஐஜிஎஸ்டி. இதிலேயே இன்னொரு நுணுக்கம் உண்டு. வெளிமாநிலத்தில் பதிவு இல்லாதவருக்கு விற்ற பில் ஒரு லட்சத்தைத் தாண்டினால் அதை பில்வாரியாகத் தனியே காட்ட வேண்டும். 2024 ஆகஸ்ட் வரை இந்த வரம்பு இரண்டரை லட்சமாக இருந்தது. வரிக்குரிய மதிப்பு 95,000-தானே, தாண்டவில்லையே என்று தோன்றும். ஆனால் வரம்பு பார்ப்பது வரியும் சேர்ந்த பில் தொகையை. அது 1,12,100. தனியேதான் காட்ட வேண்டும்.

106-ஆம் பில்தான் பலரையும் ஏமாற்றுவது. வாங்கியவர் கோவை ஒப்பந்தக்காரர், எண் 33-இல் தொடங்குகிறது. சரக்கை மட்டும் பாலக்காட்டில் உள்ள தன் வாடிக்கையாளரின் வேலையிடத்துக்கு நேரே அனுப்பச் சொல்லிவிட்டார். லாரி எல்லை தாண்டியதால் ஐஜிஎஸ்டி என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஒருவர் சொல்படி சரக்கை மற்றொருவருக்கு அனுப்பும்போது, சொன்னவரின் தொழிலிடம் எந்த மாநிலமோ அதுவே கணக்கு. இங்கே தமிழ்நாடு. ஆகவே 4,500-ம் 4,500-ம் சரி. பில்லில் இரண்டு முகவரி இருந்தால் மென்பொருள் எதை எடுத்தது என்று பார்க்க வேண்டும். சரக்கு இறங்கும் முகவரியை எடுத்திருந்தால் E கட்டத்தில் 32 என்று நிற்கும், வரியோ இரண்டு பாதியாக இருக்கும். E-யில் 33 அல்லாத வரிசைகளில் சிஜிஎஸ்டி இருக்கிறதா, 33 உள்ள வரிசைகளில் ஐஜிஎஸ்டி இருக்கிறதா என்று வடிகட்டினால் இந்த முரண் தானே வெளியே வரும். சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் உள்ள நிறுவனத்துக்கு விற்றால் மட்டும் 33 ஆக இருந்தாலும் ஐஜிஎஸ்டி வகையில்தான் வரும்; அதை விதிவிலக்காகக் குறித்துக்கொள்ளலாம். பில்லிலேயே தவறாக ஐஜிஎஸ்டி போட்டுக் கட்டிவிட்டால், சரியான வரியை மறுபடி கட்டிவிட்டுத் தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்க வேண்டும். அதற்கு வட்டி இல்லை. ஆனால் பணம் திரும்பும் வரை கையிலிருந்து இரண்டு முறை போயிருக்கும்.

கிரெடிட் நோட்டில் இடறுவது குறியும் விகிதமும். 101-ஆம் பில்லில் வாங்கிய சாமானில் 5,000 ரூபாய்க்குத் திரும்பி வந்தது. பதிவேட்டில் அதைக் கழித்தலாக எழுதுகிறோம், அப்போதுதான் கூட்டுத்தொகை நிகராக வரும். தளத்தில் ஏற்றும்போதோ கழித்தல் குறி இல்லாமல், கிரெடிட் நோட் என்று வகையைச் சொல்லி ஏற்ற வேண்டும். விகிதத்தில் இன்னும் கவனம் தேவை. தெளிப்பான்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல்தான் 5 சதவீதம். அதற்கு முன் 12. ஆகஸ்டில் 12 சதவீதத்தில் விற்ற தெளிப்பான் ஜனவரியில் திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டும் 12 சதவீதத்தில்தான் போட வேண்டும். குறைப்பது அன்றைக்குக் கட்டிய வரியை. ஆகவே ஜனவரிப் பதிவேட்டில் 12 என்று ஒரு வரிசை வந்தால் உடனே பிழை என்று திருத்திவிடக் கூடாது.

இத்தனையும் முடிந்தால் தொகுப்பு சில நிமிட வேலை. தமிழ்நாட்டுக்குள் 18 சதவீத விற்பனை எவ்வளவு என்று கேட்க இந்த ஒரு வரி போதும்:

```
=SUMIFS(G:G,F:F,18,E:E,33)
```

விடை 93,000. அதற்கு சிஜிஎஸ்டி 8,370, எஸ்ஜிஎஸ்டி 8,370. ஐந்து சதவீதத்தில் 27,000. வரி 675-ம் 675-ம். வெளிமாநிலம் 1,55,000, ஐஜிஎஸ்டி 27,900. ஆக மொத்தம் வரிக்குரிய விற்பனை 2,75,000. ஐஜிஎஸ்டி 27,900, சிஜிஎஸ்டி 9,045, எஸ்ஜிஎஸ்டி 9,045, மூன்றும் சேர்ந்து 45,990. இந்த நான்கு எண்தான் 3பி-யின் 3.1(ஏ) வரிசையில் வந்து உட்கார வேண்டும்.

இங்கே கடைசியாக ஒரு சோதனை. பில்களில் அச்சான மொத்தத் தொகைகளை, உருவிய தாளைப் பார்க்காமல், பில்களைப் புரட்டித் தனியே கூட்ட வேண்டும்: ஆறு பில்களும் சேர்ந்து 3,26,890. கிரெடிட் நோட் 5,900-ஐக் கழித்தால் 3,20,990. பதிவேட்டின் 2,75,000-ஐயும் 45,990-ஐயும் கூட்டினாலும் 3,20,990. இரண்டு வழியில் வந்த தொகை ஒன்றாகிவிட்டால், எந்தத் தொகையும் விடுபடவில்லை, இரண்டு முறை ஏறவில்லை என்று நம்பலாம். பில்லில் ரவுண்ட் ஆஃப் இருந்தால் அந்தக் காசு அளவு வித்தியாசம் வரும்; அதற்கென்று ஒரு கட்டம் ஒதுக்கினால் அதுவும் நேராகிவிடும். வரி மாநிலத்துக்குப் போனதா மத்திக்குப் போனதா என்ற பிழையை மட்டும் இந்தக் கூட்டல் காட்டாது. 106-இல் 9,000-ஐ எந்தக் கட்டத்தில் போட்டாலும் மொத்தம் ஒன்றுதான். அதற்குத்தான் மாநில எண்ணைத் தனியே வடிகட்டிப் பார்த்தது.

முன்பெல்லாம் ஜிஎஸ்டிஆர்-1-இல் ஒன்று சொல்லிவிட்டு, 20-ஆம் தேதி 3பி-யில் தொகையை மாற்றி அடிக்க முடிந்தது. 2025 ஜூலை மாதக் கணக்கிலிருந்து அது இல்லை. ஜிஎஸ்டிஆர்-1-இலிருந்து தானாக வந்து நிற்கும் வரித்தொகையை 3பி-யில் தொட முடியாது. மாற்ற வேண்டுமானால் 1ஏ வழியாகத்தான், அதுவும் ஒரே ஒரு முறை. அதனால்தான் 20 வரை நாள் இருக்கிறது என்று பதிவேட்டைத் தள்ளிப்போடுவதில் பொருளில்லை. வேலைக்கு உள்ள நாட்கள் ஒன்று முதல் பதினொன்று வரைதான். அதையும் தாண்டிப் பிழை கண்ணில் பட்டால் பிந்தைய மாத ஜிஎஸ்டிஆர்-1-இல் திருத்தலாம். 2025-26 நிதியாண்டின் பில்களுக்கு அந்தக் கதவு 2026 நவம்பர் 30 வரை, அல்லது அதற்கு முன் ஆண்டறிக்கை போட்டுவிட்டால் அன்றுவரை திறந்திருக்கும்.